சுங்குடிச் சேலையில் காய்ந்துபோன சுவர் பெயின்ட்: இஸ்திரி போடுவதற்குள் எடுக்க வழி உண்டா?

வாணி, திருச்சி

முந்தாநாள் மாலை எங்கள் கூடத்துச் சுவருக்கு ரோலரால் பெயின்ட் அடித்தார்கள். நடைக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமியாரின் சுங்குடிச் சேலை காற்றில் பறந்து ஈரச் சுவரில் ஒட்டிவிட்டது. அரக்கு நிறத் தரையில் வெள்ளைப் புள்ளிகள் போட்ட பருத்திச் சேலை. இப்போது முந்தானைக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அளவு தந்த நிறத் தீற்று ஒன்று, அதைச் சுற்றிக் கடுகு கடுகாகத் தெறிப்புகள். தெறிப்புகள் புள்ளியோடு புள்ளியாகக் கலந்துவிட்டதால் யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டுவிடு என்கிறார் மாமியார். ஆனால் அந்தத் தீற்றை எந்தப் புள்ளிக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

அன்று இரவே பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசினேன். மேலே இருந்த மாவு போன்ற பகுதி போனது. மீதி தோல் போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் இஸ்திரி போடவில்லை. வெயிலிலும் போடவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

லலிதா, கும்பகோணம்

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து, வாஷிங் சோடா கொஞ்சம் போட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கும் போகாவிட்டால் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கறையில் தொட்டு வையுங்கள். என் மகனின் வெள்ளைச் சட்டையில் பட்ட குழம்புக் கறை அப்படித்தான் போனது.

பிரபு, ஓசூர்

எங்கள் சுவரிலும் இதே தொல்லைதான். குழந்தை மஞ்சள் கையை வைத்துவிட்டாள். ஈரத் துணியால் துடைத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது. சுவருக்கு என்ன சோப்பு போட வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

வாணி, திருச்சி

பிரபு சார், என் கேள்வி சேலையைப் பற்றியது. சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, சேலைதான் அதன் நிறத்தைக் கொண்டுவந்துவிட்டது.

லலிதா அக்கா, வெந்நீர் ஊற்றினால் அரக்குச் சாயம் இறங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது.

குமரேசன், சேலம்

டர்பென்டைன் வாங்கித் தேயுங்கள், எந்தப் பெயின்ட்டாக இருந்தாலும் ஓடிவிடும். கேட்டுக்கு பெயின்ட் அடித்தபோது என் லுங்கியில் பட்டதை அப்படித்தான் எடுத்தேன். டர்பென்டைன் இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்.

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

வாணி அம்மா, முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடித்தவர் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாரா, தின்னர் ஊற்றிக் கலக்கினாரா? உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் என்றால் எமல்ஷன். தின்னர் என்றால் எனாமல் வகை. சுவருக்கு அடித்ததால் எமல்ஷன்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கூடத்துச் சுவருக்கு லஸ்டர் அடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது எண்ணெய் வகை.

ஆளைக் கேட்க முடியாவிட்டால் மெடிக்கல் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, தெறிப்பு ஒன்றின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் எமல்ஷன். அசையாமல் கல்லாக இருந்தால் எனாமல்.

குமரேசன் சொன்னது அவருடைய லுங்கிக்குச் சரி. கேட்டுக்கு அடிப்பது எனாமல், அதுவும் ஈரமாக இருக்கும்போதே துடைத்திருப்பார். எமல்ஷன் காய்ந்த பிறகு டர்பென்டைனுக்கு அசைந்துகொடுக்காது. சேலையில் எண்ணெய் வட்டமும் வாடையும் மட்டும் மிஞ்சும்.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். எமல்ஷனில் பிளாஸ்டிக் போன்ற பொடித் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் வற்றியதும் அவை ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி ஒரே தோலாகிவிடும். ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தாலும், முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அந்த அவகாசம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. கொதிநீர், இஸ்திரிப் பெட்டி, மொட்டைமாடி வெயில் என எதில் சூடு பட்டாலும் அந்தத் தோல் இளகி நூலுக்குள் இறங்கி இறுகும். பிளீச்சும் இதில் வேலை செய்யாது. பெயின்ட்டின் வெள்ளை ஒரு தாதுப் பொடி, அதை வெளுக்க முடியாது. சேலையின் அரக்குதான் வெளுக்கும்.

வாணி, திருச்சி

கேட்டுவிட்டேன், தண்ணீர்தான் ஊற்றினாராம். பஞ்சுக்குச்சியிலும் பெயின்ட் ஒட்டியது. ஆனால் சேலையின் உள்மடிப்பில் ஓர் ஓரத்தில் அதே ஸ்பிரிட்டை வைத்துப் பார்த்தபோது பஞ்சில் இளஞ்சிவப்பும் வந்தது. லேசாகத்தான், ஆனாலும் வந்தது. இப்போது என்ன செய்வது?

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

ஓரத்தில் வைத்துப் பார்த்தது நல்லது. சாயம் கொஞ்சம் இறங்கும் சேலை என்றால் ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றக் கூடாது. அரக்கு கரைந்து பக்கத்து வெள்ளைப் புள்ளிக்குள் ஏறினால் பெயின்ட்டை விடப் பெரிய வம்பு.

முதலில் தடிப்பைக் குறையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தீற்றின் மேல் சில நிமிடங்கள் வையுங்கள். குளிரில் அந்தத் தோல் மொரமொரப்பாகும். பிறகு எவர்சில்வர் கரண்டியின் விளிம்பாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ மெல்லச் சுரண்டுங்கள். பிய்த்து இழுக்காதீர்கள், நைந்த சேலை என்றால் பெயின்ட்டோடு நூலும் வரும்.

அடுத்து சேலையைத் திருப்பி, பெயின்ட் பட்ட பக்கம் கீழே வருமாறு விரியுங்கள். அடியில் பழைய வெள்ளை பனியன் துணியை நாலாக மடித்து வையுங்கள். தீற்றைச் சுற்றி விரல் அகலத்துக்குத் தண்ணீர் தொட்டு நனைத்துவிட்டால் ஸ்பிரிட் அவ்வளவாகப் பரவாது. பின்பக்கத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் பெயின்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்பிரிட் தொடுங்கள். சட்டென்று ஆவியாகிவிடும் என்பதால் மேலே ஒரு பாலிதீன் துண்டைப் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு மேலிருந்து அழுத்தினால் இளகிய பெயின்ட் கீழே பனியனில் இறங்கும். தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் பனியனில் சுத்தமான இடத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் எடுத்ததையே திரும்ப ஒட்டுவீர்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் கைப்பிடி அளவு இடத்தை முடித்து, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைத் தொட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். அரக்கு கசிந்தாலும் உடனே அலசினால் புள்ளியில் தங்காது.

ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கரையில் ஜரிகை இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சுதா, புதுச்சேரி

இவ்வளவு பாடு எதற்கு? நெயில் பாலிஷ் ரிமூவர் ஸ்பிரிட்டை விட வேகமாகக் கரைக்கும். பருத்திக்கு அதனால் கெடுதல் இல்லை. என் ஜீன்ஸில் பட்ட எமல்ஷனை அதில்தான் எடுத்தேன்.

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

வேகம் உண்மைதான், பருத்தி நூலுக்குக் கெடுதல் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் நூல் தாங்குவது வேறு, சாயம் தாங்குவது வேறு. ஸ்பிரிட்டுக்கே இளஞ்சிவப்பு விடும் சேலையில் நான் அதைத் தொட மாட்டேன். ரிமூவரில் நிறமும் வாசனை எண்ணெயும் கலந்திருந்தால் அதுவே தனிக் கறை. அசிடேட் கலந்த துணி என்றால் துணியே கரைந்துவிடும்.

சுதா, புதுச்சேரி

மடிப்புக்குள் வைத்துப் பார்த்துச் சாயம் வராவிட்டால் பயன்படுத்தலாம்தானே? எல்லாச் சேலையும் ஒன்றல்ல. எனக்கு இன்னும் அதில்தான் நம்பிக்கை.

வாணி, திருச்சி

செய்து பார்த்தாயிற்று. ஐஸ் வைத்துச் சுரண்டியதில் தீற்றின் பெரும்பகுதி செதில் செதிலாக வந்துவிட்டது. தெறிப்புகள் ஸ்பிரிட்டில் சுலபமாகப் போயின. தீற்றின் நடுவில்தான் சிக்கல். நூலுக்குள் வெளிறிய புகை போல ஒன்று நிற்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் கொஞ்சம் தேய்த்தேன், அது கூடினது போலத் தெரிகிறது. பெயின்ட் பரவுகிறதா?

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் வெளிறல் மறைந்து அரக்காகத் தெரிந்தால் அது பெயின்ட் இல்லை, தேய்த்ததில் நூல் சிலிர்த்து நிற்கிறது. ஈரத்திலும் வெள்ளையாகவே இருந்தால் உள்ளே பெயின்ட் இருக்கிறது, ஸ்பிரிட் இன்னும் வேலை செய்யும். இது தெரியாமல், போன பெயின்ட்டை இன்னும் எடுப்பதாக நினைத்துத் துணியை ஓட்டையாக்கியவர்கள் உண்டு.

வாணி, திருச்சி

நனைத்தேன். ஓரங்களில் வெளிறல் மறைந்துவிட்டது, அது நூல்தான். நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு மட்டும் வெள்ளை அப்படியே இருக்கிறது. அங்கே இன்னும் இரண்டு தடவை ஸ்பிரிட் வைத்து ஒற்றியதில் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. நூலுக்கு ஊடே இறங்கிவிட்டது போலிருக்கிறது. இதற்கு மேல் தொடப்போவதில்லை. கட்டினால் கொசுவத்தில் மறையும் இடமில்லை என்றாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை.

ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டது. அலசிய பிறகுதான் கவனித்தேன், சேலை நிழலில் பாதி காய்ந்திருக்கிறது.

லலிதா, கும்பகோணம்

உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பாருங்கள்.

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

சாய விஷயத்தில் நான் உறுதி சொல்ல மாட்டேன், அது என் தொழில் இல்லை. ஏறிய சாயம் முழுதாகக் காய்வதற்குள் நிறையத் தண்ணீரில் சோப்போடு இன்னொரு முறை அலசிவிடுங்கள் என்பேன். உப்பு போட்டால் இளஞ்சிவப்பு இறங்குமா, அங்கேயே நிற்குமா என்று சாயப்பட்டறைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

குமரேசன், சேலம்

ரபீக் அண்ணா, ஒரு சந்தேகம். போன தீபாவளிக்குக் கேட் அடித்தபோது வேட்டியிலும் எனாமல் பட்டது. அதை அப்போது கவனிக்கவில்லை, துவைத்து மடித்து வைத்துவிட்டார்கள். டர்பென்டைன் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

எனாமல் காற்றோடு சேர்ந்து இறுகும் வகை. மாதக்கணக்கில் இறுகியதைத் தின்னர் மேலாக மென்மையாக்கும், கரைக்காது. வெள்ளை வேட்டி, சாயப் பயம் இல்லை என்பதால் தின்னரில் நனைத்த பஞ்சை வைத்து மூடிவிட்டுச் சுரண்டிப் பார்க்கலாம், தடிப்புப் போகும். நிழல் போன்ற கறை இருக்கத்தான் செய்யும். தின்னர் பட்ட துணியை வெளியே கொடியில் போட்டு வாடை முழுதாகப் போன பிறகுதான் மெஷினில் போட வேண்டும்.

பிரபு, ஓசூர்

என் சுவருக்கு?

ரபீக், பெயின்டிங் காண்ட்ராக்டர், மதுரை

ஈரத் துணிக்கே பெயின்ட் வருகிறது என்றால் உங்களுடையது டிஸ்டெம்பராக இருக்கும் தம்பி. அதைக் கழுவ முடியாது. மஞ்சள் பட்ட இடத்தை லேசாக உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அதே நிறத்தில் ஒரு கை தொட்டுவிடுங்கள்.