12 வாரத்தில் மறைந்த தொப்பை: எதை ஒப்பிட்டால் உண்மை தெரியும்?

40 விநாடிக் காணொளி ஒன்றை நம்பி, என் தம்பி உடல் எடைக் குறைப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறான். அதில் வரும் ஒருவருக்கு 12 வாரங்களில் தொப்பை மறைந்து வயிற்றில் தசை வரிகள் தெரிகின்றன. எனக்குச் சந்தேகம்.

கால்பங்கு வேகத்தில் ஓடவிட்டு, முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலில் விளக்கு நேர் எதிரே இருக்கிறது. மூக்கின் நிழல்கூட விழவில்லை. கடைசியில் அது தலைக்கு மேல் இருக்கிறது. தொப்புளுக்குள்ளும் விலா எலும்புக்குக் கீழும் கரிய நிழல். முதலில் தோள் தொங்க, வயிற்றைத் தள்ளி நிற்கிறார். இறுக்கமான கால்சட்டையின் மேல் சதை பிதுங்குகிறது. கடைசியில் கால்சட்டை தளர்வு, மூச்சை இழுத்துப் பிடித்து, பாதி திரும்பிய நிலை. (முதல் காட்சியில் ஒரு புன்னகைகூட இல்லை, பாவம்!)

பின்னாலுள்ள கதவுச் சட்டம் எங்கும் வளையவில்லை. ஆகவே இடுப்பை மென்பொருளால் ஒடுக்கியதாகத் தோன்றவில்லை. ஆனால் 5ஆம் வாரத்திலிருந்து காட்சி நேரே 11ஆம் வாரத்துக்குத் தாவுகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

கழுத்து சற்று மெலிந்ததுபோலத்தான் இருக்கிறது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. விளக்காலும் நிற்கும் விதத்தாலும் எளிதில் மாற்ற முடியாத எந்த உடல் பகுதியை இரண்டு காட்சிகளிலும் ஒப்பிட வேண்டும்?