போர்ச்சுக்கலுக்கு இங்கிலாந்துத் துணி எதற்கு?

வேலன்: தனக்கு எது அதிக லாபமோ அதை மட்டும் செய்து, மற்றதை வெளியே வாங்கினால் இரண்டு நாட்டுக்கும் ஆதாயம் என்று பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கை இங்கே ஒருவர் வேதம் மாதிரி எடுத்துப் போட்டிருந்தார். இரண்டு சரக்கிலும் போர்ச்சுக்கல்தான் கெட்டி. அப்புறம் அவன் ஏன் இங்கிலாந்தில் துணி வாங்க வேண்டும்?

| ஒரே அளவு சரக்கைச் செய்ய ஒரு வருடத்துக்கு வேண்டிய ஆள் | துணி | ஒயின் |
|---|---|---|
| இங்கிலாந்து | 100 | 120 |
| போர்ச்சுக்கல் | 90 | 80 |

மீனா: துணியை அவனே நெய்தால் 90 ஆள் வேண்டும். 80 ஆளைத் திராட்சைத் தோட்டத்தில் விட்டு, அந்த ஒயினைக் கப்பலேற்றினால் அதே துணி வந்துவிடுகிறது. 10 ஆள் மிச்சம். இங்கிலாந்தோ 100 ஆள் நெய்த துணியைக் கொடுத்து, 120 ஆள் வேலையான ஒயினை வாங்குகிறது.

வேலன்: 90 பெரிதா, 100 பெரிதா? அதைச் சொல்லுங்கள்.

மீனா: நீங்கள் ஊருக்கு ஊர் ஒப்பிடுகிறீர்கள். ஒரே ஊருக்குள் துணியையும் ஒயினையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பனியன்காரன்: கணக்கெல்லாம் சரி. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு எல்லாம் சேர்த்து 11% வரி போட்டார்கள். நூல் விலை ஏறி, என் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போனது. அதற்கு எந்த அட்டவணை?

மீனா: இதே அட்டவணைதான். இங்கிலாந்து தான் வாங்கும் ஒயினுக்கு 20% வரி போட்டால், 100 ஆள் செலவில் வந்த சரக்கு 120 ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு சதவீதம் ஏற்றினாலும் வியாபாரம் நின்றுபோகும். போர்ச்சுக்கல் தான் வாங்கும் துணிக்கு 12.5% போட்டாலே போதும், 80 என்பது 90 ஆகிவிடும். இவ்வளவுதான் இறக்கலாம் என்று கோட்டா வைத்தாலும் உள்ளூர் விலை ஏறத்தான் செய்யும். வரியென்றால் அந்த வித்தியாசம் கஜானாவுக்குப் போகும். கோட்டாவில் பெரும்பாலும் பர்மிட் கையில் வைத்திருப்பவன் பைக்குப் போகும்.

வேலன்: 90-க்குப் பதில் இன்னும் வரவில்லை. இங்கிலாந்து முதலாளி பணத்தோடு போர்ச்சுக்கலுக்கே போய் 90 ஆளில் நெய்தால் என்ன?

மீனா: முதல் தடவையாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூலதனம் தடையில்லாமல் நாடு விட்டு நாடு நகர முடிந்தால் இரண்டையும் போர்ச்சுக்கல்லிலேயே செய்வதுதான் லாபம் என்று ரிக்கார்டோவே எழுதியிருக்கிறார். சொந்த நாட்டை விட்டுப் போக முதலாளிகள் தயங்குவார்கள் என்பதுதான் அவர் நம்பியது.

வேலன்: பார்த்தீர்களா! அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

மீனா: எதை ஒப்புக்கொண்டார்? மூலதனம் நகராத வரை கணக்கு அப்படியே நிற்கிறது.

சரித்திரம்: இரண்டு பேரும் 1703-ஐ மறந்துவிட்டீர்கள். மெத்துவேன் ஒப்பந்தப்படி இங்கிலாந்துக் கம்பளித் துணியைப் போர்ச்சுக்கல் உள்ளே விட்டது. பதிலுக்குப் போர்ச்சுக்கல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. அந்த வியாபாரத்தை நடத்தியது வரிச் சலுகை. 80, 90 என்பவை ரிக்கார்டோ கற்பனையாகப் போட்ட எண்கள்.

மீனா: உதாரணத்துக்குப் போட்ட எண்ணைப் போய் அளந்து பார்ப்பார்களா?

பனியன்காரன்: மிச்சமான அந்த 10 ஆள் எங்கே போனான்? என்னிடமிருந்து நின்றுபோன டெய்லர்கள் யாரும் திராட்சைத் தோட்டத்துக்குப் போகவில்லை.

மீனா: அந்தக் கேள்விக்கு அட்டவணையில் இடமில்லை. ஆள் உடனே வேறு வேலைக்கு மாறிவிடுவான் என்று வைத்துத்தான் கணக்கே.

வேலன்: அதை விடுங்கள். 90, 100-ஐவிடக் குறைவுதானே? ஆமா, இல்லையா?