மூன்று இடங்களில் நடந்த கிரிப்டோ வர்த்தகம்: எந்த லாபக் கணக்கு சரி?

வைகைக்கரை:
ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சில் 1,000 யுஎஸ்டிடியை 88 ரூபாய் வீதம் வாங்கி, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, அங்கே 990 யுஎஸ்டிடிக்கு 0.3 ஈத்தர் வாங்கினேன். அதைச் சொந்த வாலட்டில் வைத்திருந்து, இந்திய எக்ஸ்சேஞ்சுக்கே கொண்டுவந்து 0.2990 ஈத்தரை 95,680 ரூபாய்க்கு விற்றேன். வரி மென்பொருள் 95,680 ரூபாயையும் லாபம் என்கிறது. போட்ட பணத்தைக் கழித்தால் எனக்கு 7,680 ரூபாய்தான் வருகிறது. எது சரி?

பேரேடு:
இரண்டுமே சரியில்லை. லாபத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு நாணயத்தின் எண்ணிக்கையும் ஒவ்வோர் இடத்திலும் நேராகிறதா என்று பாருங்கள். 1,000 யுஎஸ்டிடி கிளம்பியது. நெட்வொர்க் கட்டணம் 1 போக 999 சேர்ந்திருக்க வேண்டும். 990 செலவானதால் 9 மீதம் இருக்க வேண்டும். ஈத்தரில் 0.1 சதவீத வர்த்தகக் கட்டணமாக 0.0003 பிடிக்கப்பட்டு 0.2997 கிடைத்திருக்கும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்த கட்டணமும் வாலட்டிலிருந்து அனுப்பிய கட்டணமும் சேர்ந்து 0.0007 ஆக இருந்தால் 0.2990 சரியாக வருகிறது.

மென்பொருளில் உங்கள் வாலட்டின் முகவரியைச் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்திய எக்ஸ்சேஞ்சுக்கு வந்த ஈத்தர் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. வாங்கிய விலையைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு விற்ற தொகை முழுவதையும் லாபமாகக் காட்டிவிடும்.

வைகைக்கரை:
வாலட்டைச் சேர்த்ததும் ஈத்தர் பொருந்திவிட்டது, அம்மா. 9 யுஎஸ்டிடியும் மீதம் இருக்கிறது. ஆனால் யுஎஸ்டிடி அனுப்பியதை மட்டும் மென்பொருள் இன்னும் தனித்தனி வரவாகவும் செலவாகவும் காட்டுகிறது.

தென்றல்:
எனக்கும் இதே தொல்லை வந்தது. இந்திய எக்ஸ்சேஞ்சின் கோப்பில் நேரம் இந்திய நேரமாகவும், வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் கோப்பில் உலகப் பொது நேரமாகவும் இருந்தன. பிற்பகல் 2:10-க்கு அனுப்பியது காலை 8:52-க்கே சேர்ந்ததாகப் பதிவாகியிருந்தது. கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்த நாணயத்தை எந்த மென்பொருளும் இணைக்காது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியதும் பிற்பகல் 2:22 ஆகி, இரண்டும் ஒட்டிக்கொண்டன. நீங்கள் மார்ச் 31 இரவில் ஏதாவது விற்றிருக்கிறீர்களா? பொது நேரத்தில் மாலை 6:30-க்குப் பிந்தைய விற்பனை நமக்கு ஏப்ரல் 1. அது அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

வைகைக்கரை:
மார்ச் கடைசியில் எதுவும் இல்லை. ஆனால் நேரந்தான் காரணம், திருத்தியதும் இணைந்துவிட்டது. இப்போது மென்பொருள் ஈத்தர் விற்பனையில் 10,823.80 ரூபாய் லாபமும், யுஎஸ்டிடியைக் கொடுத்த இடத்தில் 1,980 ரூபாய் நஷ்டமும் காட்டுகிறது. நான் ஈத்தர் வாங்கினேனே தவிர எதையும் விற்கவில்லையே?

கடைமடை:
ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். மென்பொருள் அன்றைய டாலர் மதிப்பான 86 ரூபாயை எடுத்திருக்கிறது. 990 யுஎஸ்டிடிக்கு 85,140 ரூபாய் வரவு, வாங்கிய விலையான அடக்கம் 87,120 ரூபாய். ஆகவே 1,980 நஷ்டம். இதில் தவறில்லை. வெளிநாட்டு நாணயத்தில் வரும் வருமானத்துக்கு வங்கியின் டாலர் விலையை எடுக்க வேண்டும் என்று வருமான வரி விதியே சொல்கிறது. லாபத்திலிருந்து நஷ்டத்தைக் கழித்து 8,843.80 என்று காட்டிவிடுங்கள்.

பேரேடு:
கொடுத்து வாங்குவதும் விற்பனை என்பது வரை கடைமடை சொல்வது சரி. பின்னால் சொன்ன இரண்டையும் ஏற்க முடியாது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 30 சதவீத வரியில், ஒரு கிரிப்டோ நஷ்டத்தை இன்னொரு கிரிப்டோ லாபத்தில் கழிக்க இடமில்லை. ஆகவே மென்பொருள் காட்டும் கணக்கில் 1,980 வீணாகி, 10,823.80-க்கு வரி விழும்.

யுஎஸ்டிடி டாலரும் அல்ல. டாலரைப் பின்பற்றும் ஒரு கிரிப்டோச் சொத்து அது. இந்தியச் சந்தையில் பெரும்பாலும் வங்கி விலையைவிடக் கூடுதலாகவே விற்கிறது. நீங்களே 88-க்கு வாங்கியிருக்கிறீர்கள். ஈத்தர் வாங்கிய நேரத்தில் அதன் ரூபாய் விலை 90 என்று வைத்துக்கொள்வோம். வரவு 89,100, லாபம் 1,980. அந்த 89,100 ரூபாயே 0.3 ஈத்தரின் அடக்கம் ஆவதால், 0.2990 ஈத்தருக்கு 88,803 ரூபாய்; விற்றதில் லாபம் 6,877. மொத்தம் 8,857. வர்த்தகம் ஒன்றே, பணமும் ஒன்றே; இடையில் எடுத்த ரூபாய் விலையினால் மட்டும் வரி 2,657-க்கும் 3,247-க்கும் இடையே மாறுகிறது. இது கல்வித் தீர்வை சேர்க்காத தொகை.

கடைமடை:
ஒரே நிமிடத்தில் இரண்டு இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் யுஎஸ்டிடி விலை இரண்டு விதமாக இருக்கிறது. எனக்குச் சாதகமானதை நான் பொறுக்கிக்கொள்ளலாமா? வங்கி விலையை யாரும் மாற்ற முடியாது என்பதால்தான் அதைச் சொன்னேன்.

பேரேடு:
அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் ஒரே எக்ஸ்சேஞ்சின் விலையை, ஒரே கால அளவில், ஆண்டு முழுவதற்கும் எடுத்து, அந்த விலைப் பட்டியலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். லாபம் வரும் இடத்தில் ஒன்றும் நஷ்டம் வரும் இடத்தில் இன்னொன்றும் எடுக்கக் கூடாது. ஆனாலும் எந்த எக்ஸ்சேஞ்சின் விலை என்று சட்டம் பெயர் குறிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை, உங்கள் 7,680 எங்கே போயிற்று என்று பார்ப்போம். அதோடு கையில் மீதமுள்ள 9 யுஎஸ்டிடியின் அடக்கம் 792, கட்டணமாகப் போன 1 யுஎஸ்டிடியின் அடக்கம் 88, கட்டணமாகப் போன 0.001 ஈத்தரின் அடக்கம் 297 ஆகியவற்றைக் கூட்டினால் 8,857 வருகிறது. லாபத்துக்கும் கைப்பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இப்படி ஒவ்வொரு ரூபாயாகப் பெயர் சொல்லி விளக்க முடிந்தால்தான் கணக்கு பொருந்தியது என்று பொருள். விளக்க முடியாத பத்து ரூபாய் மிஞ்சினாலும், எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது அல்லது இருமுறை ஏறியிருக்கிறது.

வைகைக்கரை:
அப்படியே வருகிறது, நன்றி. இன்னும் ஒன்று. வரித்துறையின் ஏஐஎஸ் அறிக்கையில் என் விற்பனை 95,454.20 ரூபாய் என்று இருக்கிறது, 954.54 பிடித்திருக்கிறார்கள். இந்த 954.54-ஐயும் கட்டணத்தில் சேர்க்க வேண்டுமா?

பேரேடு:
வேண்டாம். அது நீங்கள் முன்கூட்டிக் கட்டிய வரி. டிடிஎஸ் வரவாக வரியில் கழியும். 95,680-இல் 0.2 சதவீதக் கட்டணம் 191.36, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 34.44, இவை போக 95,454.20. எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் நீக்கிய தொகைக்குத்தான் 1 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த வரித்துறைச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் உங்கள் லாபத்தை 95,680-இலிருந்தே கணக்கிடுங்கள், ஏனெனில் அடக்க விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க இந்த வரி விடுவதில்லை. இரண்டு தொகைகளுக்கும் உள்ள 225.80 வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொண்டால், நோட்டீஸ் வரும்போது பதில் கையில் இருக்கும்.

தென்றல்:
விற்கும்போது கட்டிய கட்டணம் கழியாது, சரி. முதலில் யுஎஸ்டிடி வாங்கும்போது கட்டிய 176 ரூபாயும் அதன் ஜிஎஸ்டி 31.68-ம் வாங்கும் செலவுதானே? அவை அடக்கத்தில் சேராதா?

கடைமடை:
சேர வேண்டும். பங்கு வாங்கும்போது தரகுக் கட்டணத்தை அடக்கத்தில் சேர்க்கிறோம் அல்லவா?

பேரேடு:
அந்த வாதத்தில் வலு இருக்கிறது. சேர்த்துத் தாக்கல் செய்யும் தணிக்கையாளர்களையும் அறிவேன். ஆனால் கிரிப்டோ மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவை அடக்கமாக ஏற்க முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னதைப் பார்த்த பிறகு, நான் சேர்ப்பதில்லை. கட்டணம் வேறு, மைனிங் வேறு என்று நீங்கள் சொல்லலாம். சேர்ப்பதானால் 207.68 ரூபாயை 1,000 யுஎஸ்டிடிக்கும் பகிர்ந்து சேருங்கள்; 9 யுஎஸ்டிடி இன்னும் விற்காமல் இருப்பதால் அதற்குரிய பங்கு இந்த ஆண்டு கழியாது.