அக்கா மகனின் மூச்சு: அது இளைப்பு அல்ல

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சித்தி:
என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. இரண்டு நாள் வாந்தி, வயிற்றுவலி. மூன்றாம் நாள் காலை, படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கினான். ஓடிவந்தவன் மூச்சைப் போல இல்லை. அடிவயிறு வரை இழுத்து, ஒரே சீராக, ஓயாமல். வாயில் கனிந்து அழுகும் பழத்தின் வாடை. ஊர்க் கிளினிக்கில் இளைப்பு என்று மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள். குறையவில்லை. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 99 என்று காட்டியது. பெரிய மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 31. அவனுக்கு நீரிழிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. நுரையீரல் நன்றாக இருக்க, ஏன் அந்த மூச்சு?

தோட்டக் கிராணி:
பயத்தில் வரும் மூச்சாக இருக்கும். என் தம்பி மகளுக்கு இப்படி வந்தபோது காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொன்னோம், அடங்கியது.

ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்:
கிராணியாரே, இந்தப் பிள்ளைக்குப் பையைக் கொடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை எரிக்கிறது; அதில் பிறக்கும் அமிலம், அமிலத்தை முறிக்க இரத்தத்திலுள்ள பைகார்பனேட்டைத் தின்றுவிடுகிறது. கரியமில வாயுவும் இரத்தத்தில் அமிலம்தான். அதையாவது வெளியேற்றுவோம் என்று மூளை நுரையீரலை விரட்டுகிறது. பை அதைத் திருப்பி உள்ளே அனுப்பும். அம்மா, இரத்த வாயுச் சோதனைத் தாள் கையில் இருக்கிறதா?

சித்தி:
இருக்கிறது. pH 7.17, பைகார்பனேட் 6, கரியமில வாயு 17.

மருத்துவ உதவியாளர்:
பைகார்பனேட் ஆறை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டுங்கள்: 17. கரியமில வாயு இறங்கியிருக்க வேண்டிய அளவு அது. இரண்டு கூடலாம், குறையலாம். நுரையீரல் தன்னால் ஆனதை முழுதாகச் செய்திருக்கிறது. நம்மைப் போல கரியமில வாயு 40-இல் நிற்கும்படி மூச்சுவிட்டிருந்தால் அவன் pH 6.8 வரை இறங்கி, இரத்தத்தில் அமிலம் இன்னும் ஏறியிருக்கும். 30 என்று வந்திருந்தாலும் நான் நடுங்கியிருப்பேன். சோர்ந்துவிட்டான் என்று பொருள். தோட்டத்தில் இதே போல மூச்சு வாங்கிய ஓர் அம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சு அடங்கியது. தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருந்தார். தூக்க மருந்தும் மூச்சை அடக்கி இதே கேட்டைச் செய்யும்.

தைப்பிங்கிலிருந்து ஒருவர்:
என் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டபோது இதே மூச்சு. பழ வாடை மட்டும் இல்லை.

மருத்துவ உதவியாளர்:
அமிலம் வேறு, நுரையீரலின் வேலை ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்தும் மூச்சு வாங்கும். மார்பைக் கேட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சித்தி:
உப்புநீரும் இன்சுலினும் ஏற்றி மாலைக்குள் சர்க்கரை 12-க்கு வந்தது. மூச்சோ மறுநாள் விடியும்வரை அடங்கவில்லை. சர்க்கரை முன்னே இறங்கும், அமிலம் பின்னே என்றார் டாக்டர். இன்சுலினை நிறுத்தாமல் குளுக்கோஸ் கலந்து ஏற்றினார்கள். ஒன்று மட்டும் விளங்கவில்லை. பக்கத்திலேயே படுத்திருந்த அக்காவுக்கு அந்தப் பழ வாடை வரவே இல்லையாம். எனக்கு வாசலிலேயே வந்தது.

மருத்துவ உதவியாளர்:
சில மூக்குகளுக்கு அது எட்டாது. என்னுடன் வேலை செய்த தாதி ஒருவருக்கும் எட்டாது; அவர் மூச்சைத்தான் எண்ணுவார்.