வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்கள்: வகுப்பில் எது நிற்கிறது, எது நழுவுகிறது?

சாக்பீஸ்தூள்:
திருப்பூர்ப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள், பெற்றோருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. தெருவில் பேசும் தமிழ் அவர்களுக்கு நன்றாகவே வருகிறது, கடையில் பேரம்கூடப் பேசுவார்கள், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். படம், சூழல், இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பது, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பாடத்தை அப்படியே சொல்கிறேன், நீங்கள் செய்ததையும் சொல்லுங்கள்.

குளத்தைப் பற்றி நானே ஒரு சின்னப் பத்தி எழுதினேன், ஏறக்குறைய 120 சொல். புதுச் சொல் ஆறு மட்டும்: வறண்டு, தேங்கு, மதகு, தூர்வாரு, தயங்கு, ஒப்புக்கொள். பாடநூல் வரியை அப்படியே எடுக்கவில்லை, காரணம் இருக்கிறது. ‘மக்கள் மதகைத் திறக்கத் தயங்கினர்’ என்று ஒரு வரி வந்தால் மதகும் தெரியாது, தயங்கினரும் தெரியாது, இரண்டில் எதை வைத்து எதை ஊகிப்பது? அதனால் ஒரு வரிக்கு ஒரு புதுச் சொல்தான், பக்கத்திலேயே பிடித்து ஏற ஒரு கொம்பும் வேண்டும். ‘மழைத் தண்ணீர் ஓடிப் போகாமல் குளத்திலேயே தேங்கியது.’ இதில் ‘ஓடிப் போகாமல்’ என்பதுதான் கொம்பு.

முதலில் நிறுத்தாமல் ஒரு தடவை வாசிப்பேன். இரண்டாம் தடவை தேங்கியதில் நிறுத்தி, தண்ணீர் வந்ததா, போனதா, நின்றதா என்று கேட்பேன். நின்றது என்று சொன்னால் போதாது, எந்தச் சொல்லைப் பார்த்துச் சொன்னாய் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். இதற்கு அப்புறம்தான் படம். படத்தை முதலில் காட்டினால் இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு பெயரை மனதுக்குள் வைத்துக்கொண்டு வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

படத்திலும் வம்பு உண்டு. மதகுக்கு ஒரு ஏரிக்கரைப் படம் காட்டினேன், நாலு பேர் பாலம் என்று எழுதியிருந்தார்கள். படத்தில் கரை, சுவர், கம்பி, தண்ணீர் எல்லாம் இருக்கும்போது எது மதகு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்போது இரண்டு படம் வைக்கிறேன்: ஒன்றில் பலகை இறங்கித் தண்ணீர் நிற்கிறது, இன்னொன்றில் பலகை ஏறித் தண்ணீர் பாய்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாறுவது அது ஒன்றுதான், கண் நேராக அங்கே போய்விடும்.

தயங்குவதற்குப் படம் வேலைக்கே ஆகவில்லை. வாசல்படியில் ஒரு காலை வைத்து நிற்கிற பெண்ணைக் காட்டினால் எல்லாரும் ‘பயம்’ என்றார்கள். கடைசியில் நானே நடித்தேன், ஆமாம் ஆமாம் இல்லை ஆமாம் என்று கையைத் தூக்கி இறக்கி. பிறகு இப்படிக் கேட்டேன்: நாயைப் பார்த்ததும் ஓடினாள், தயங்கினாளா? டீச்சரிடம் பேனா கேட்கலாமா வேண்டாமா என்று நின்றாள், தயங்கினாளா? அந்த ‘இல்லை, ஆமாம்’ வந்த பிறகுதான் பிடிபட்டது.

பழைய_கரும்பலகை:
ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நாங்கள் பத்துச் சொல் கொடுத்து ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதச் சொல்வோம், பிள்ளைகள் எழுதினார்கள், படித்தார்கள். நீங்கள் ஒரு சொல்லுக்கு இவ்வளவு நாடகம் போட்டால் பாடம் எப்போது முடியும்? இன்னொன்று, சொற்களை இனம் இனமாகக் கொடுங்கள். ஒரு நாள் நிறம், ஒரு நாள் பழம், ஒரு நாள் எதிர்ச்சொல். மனதில் வரிசையாக உட்காரும்.

ஆய்வுக்_கிறுக்கு:
ஐயா சொல்வதில் பாதி சரி. திரும்பத் திரும்பச் சந்திக்காமல் சொல் நிற்காது. ஆனால் ஒரே உட்காரலில் பத்துத் தடவை எழுதினால் நாலாவது தடவைக்கு மேல் கைதான் எழுதுகிறது. மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரி. அதே பத்தை மூன்று வாரத்துக்குப் பரப்பிக் கேட்டால் கதையே வேறு. மறதியை 1885-லேயே எபிங்ஹாஸ் தன்னையே வைத்து அளந்து எழுதிவிட்டார், இது புதுச் சரக்கு இல்லை.

முக்கியமானது, திரும்பப் பார்ப்பது வேறு, திரும்ப நினைவிலிருந்து எடுப்பது வேறு. 2008-ல் கார்ப்பிக், ரோடிகர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஸ்வாஹிலிச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை சரியாகச் சொன்ன சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 விழுக்காடு வந்தது. கேட்பதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விட்டால் மூன்றில் ஒரு பங்கு சுமார். அது கல்லூரிப் பிள்ளைகள், ஆய்வகம், உங்கள் ஏழாம் வகுப்பில் அதே எண் வரும் என்று நான் சொல்லவில்லை. திசை அதுதான்.

இனம் இனமாகக் கொடுப்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. புதிதாக வரும் நேரத்தில் ஒத்த சொற்கள் சேர்ந்து வந்தால் ஒன்றோடொன்று குழம்பும். வாங்கு, விற்பனை செய் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துப் பாருங்கள், மாதக் கணக்கில் மாற்றிச் சொல்வார்கள். இடது வலதும் அப்படித்தான். ஒன்று நன்றாக நின்ற பிறகு அதன் ஜோடியைக் கொண்டுவாருங்கள். மீள்பார்வையில் இனமாக அடுக்குவது நல்லது, அங்கே ஐயா சொன்னது சரி.

புனேக்காரன்:
என் பையன் ஆறாவது, இங்கே மராத்தியும் ஆங்கிலமும். லீவுக்கு ஊருக்குப் போனால் தாத்தாவிடம் பேசுகிறான், பஸ் போர்டு படிக்கத் தெரியவில்லை. அவனுக்கு எழுத்து எப்படிச் சொல்லித் தருவது? இந்தப் படம் முறை உதவுமா?

சாக்பீஸ்தூள்:
சார், உங்களுடையது வேறு கேள்வி. அவனுக்குச் சொல் காதில் இருக்கிறது, எழுத்துதான் இல்லை. எங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்கள், சொல் தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களிலிருந்தே ஆரம்பியுங்கள், பஸ் போர்டே நல்ல பாடம்.

திரும்பக் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் பாடம் என்றால் செவ்வாய், வியாழன், அடுத்த திங்கள், அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து. பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் மட்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்தோம், முன்பக்கம் படமும் கோடிட்ட வரியும், பின்பக்கம் சொல். செருப்புப் பெட்டி மூன்று. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்கு, தப்பினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கு. முதல் பெட்டி தினமும், இரண்டாவது வாரம் இருமுறை, மூன்றாவது மாதம் ஒருமுறை. இது லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1970-களில் சொன்ன பெட்டி முறை, நான் கண்டுபிடித்தது இல்லை. பெட்டி இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாச் சொல்லையும் கேட்கவே முடியாது. மாதம் இருபத்தைந்து சொல் சேரும், தப்புகிறது மட்டும் அடிக்கடி வந்தால்தான் கட்டுப்படியாகும்.

கோரஸாகச் சொல்ல விடுவதில்லை. எல்லாரும் ‘மதகு’ என்று கத்தும்போது தெரியாத பிள்ளையின் வாய் ஒரு கண் இமை நேரம் பிந்தி அசையும், கவனித்துப் பாருங்கள். ரஃப் நோட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.

இருமொழிக்காரி:
நான் சென்னைப் புறநகர், எனக்கும் இதே கூட்டம். ஒன்று கேட்கிறேன், தயங்குவதற்கு இவ்வளவு நடிப்பு எதற்கு? இந்தி தெரிந்த பையனை எழுப்பி ‘ஹிச்கிச்சானா’ என்று ஒரு சொல் சொல்லச் சொல்லிவிட்டுப் போகலாமே. அரை நிமிடம். நான் அப்படித்தான் செய்கிறேன், நிற்கிறது.

பழைய_கரும்பலகை:
அம்மா, அப்படிச் செய்தால் பிள்ளை தமிழில் யோசிக்கவே மாட்டான். வகுப்புக்குள் தமிழ் மட்டும்.

ஆய்வுக்_கிறுக்கு:
பொருள் விளங்க வைக்கத் தாய்மொழிச் சொல் விரைவான வழிதான், அதைத் தீண்டத்தகாதது ஆக்க வேண்டாம். ஆனால் ஒடியாப் பிள்ளைகள் ‘ஹிச்கிச்சானா’வைக் கேட்டு இன்னொரு தெரியாத சொல்லைத்தான் சேர்த்துக்கொள்ளும். ஒரே ஒலியில் வேறு பொருள் தருகிற சொற்களும் உண்டு. நம் ‘அவசரம்’ கேட்டால் இந்திப் பிள்ளைக்கு ‘அவ்சர்’, அதாவது வாய்ப்பு, நினைவுக்கு வரும். ‘எனக்கு அவசரம் இருக்கிறது’ என்றால் வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அங்கே சூழல் வரி இல்லாமல் தீராது. அதனால் ஊகம் முதலில், தாய்மொழிச் சொல் சரிபார்க்க. தவறாக ஊகித்ததைத் திருத்தாமல் விட்டுவிட்டால் அந்தத் தவறே நின்றுவிடும், அது இன்னும் மோசம்.

இருமொழிக்காரி:
வரிசை வேறு, செய்வது அதேதான் என்று படுகிறது எனக்கு. நேரம் இருந்தால் உங்கள் வழி, பருவத் தேர்வு நெருங்கினால் என் வழி.

சரி, என் பக்கத்துச் சிக்கல் ஒன்று. மூன்றாவது பெட்டி வரைக்கும் போன அட்டைகள் அத்தனையும் சரியாகச் சொல்கிறார்கள். அதே சொல் வேறு பத்தியில் வந்தால் முழிக்கிறார்கள். ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், எப்படிச் சொன்னாய் என்று. அட்டையின் மூலையில் மஞ்சள் கறை இருக்கிறது மிஸ், அது இருந்தால் தூர்வாரு என்றாள். பின்பக்கப் பிள்ளையார் படம் இருந்தால் ஒப்புக்கொள்ளாம்.

சாக்பீஸ்தூள்:
என் பெட்டியையும் இன்றே பார்க்கிறேன் மேடம், எல்லாம் பத்திரிகை அட்டைதான்.

நீங்கள் சொல்கிற முழிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கும். நாம் அட்டையில் ‘தேங்கு’ என்று எழுதுகிறோம். பத்தியில் வருவது தேங்கிய, தேங்காமல், தேக்கினார்கள். நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு நாலு. தேக்கினார்கள் பக்கத்தில் தேங்கு ஞாபகம் வர இரட்டிப்பு எழுத்து வேறு வழிமறிக்கிறது. அதனால் கோடிட்ட வரியை ஒவ்வொரு சுற்றிலும் மாற்ற ஆரம்பித்திருக்கிறேன், ‘தண்ணீர் ____ நிலத்தில் கொசு’ என்றால் தேங்கிய என்று உருவத்தோடு எழுத வேண்டும். வரி எழுத எனக்கு நேரமில்லை, மூன்றாவது பெட்டிக்குப் போன பிள்ளைதான் அடுத்தவனுக்குப் புது வரி எழுதித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அதில் ஒரு தொல்லை. ‘என் அண்ணன் ரூமில் துணி தேங்கியது’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான். கொடவுனில் சரக்கு தேங்கிவிட்டது என்று அவன் அப்பா சொல்வதைக் கேட்டு எழுதினானாம். அடிப்பதா, விடுவதா?

பழைய_கரும்பலகை:
விடுங்கள். சரக்கு தேங்குவது எங்கள் ஊர்ச் சந்தையிலும் உண்டு. ‘ரூமில்’ என்பதை மட்டும் ‘அறையில்’ என்று மாற்றுங்கள்.

இருமொழிக்காரி:
ரூமையும் விடுங்கள் ஐயா.