குர்தாவில் சட்டை காலரை எடுத்துவிட்டு சைனீஸ் காலர் வைக்கிறேன், பட்டி வரை வரவில்லை (அவசரம்)

விடிவெள்ளி
அண்ணனின் குர்தாவில் சட்டை காலர் இருந்தது. அதை எடுத்துவிட்டு சைனீஸ் காலர் வைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்தை டேப் வைத்து அளந்துதான் பட்டை வெட்டினேன், இருந்தும் வைத்துத் தைக்கும்போது இரண்டு பக்கமும் பட்டன் பட்டியின் ஓரத்துக்கு ஒன்றேகால் இஞ்ச் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. இழுத்துத் தைத்தால் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுகிறது. பிரித்துப் பிரித்துத் துணி ஓரம் நைந்துகொண்டு வருகிறது. நாளை மறுநாள் போட வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

நூல்கண்டு
கழுத்தை எங்கே அளந்தீர்கள், வெட்டிய ஓரத்திலா, தையல் வரவேண்டிய இடத்திலா? பட்டை எத்தனை இஞ்ச், தையலுக்கு எவ்வளவு விட்டீர்கள், பட்டி எவ்வளவு அகலம்? பழைய காலரைத் தையல் பிரித்து எடுத்தீர்களா, கத்தரியாலேயே வெட்டிவிட்டீர்களா? இதில் ஒன்றுகூடச் சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

கிராஸ்கட்
பட்டையை நேர்த்துணியில் வெட்டியிருப்பீர்கள், அதுதான் காரணம். கிராஸில் வெட்டுங்கள். கழுத்துக்குப் போகும் எதுவும் கிராஸில் இருந்தால்தான் வளைந்து கொடுக்கும், ஒன்றேகால் இஞ்ச் எல்லாம் தானாக இழுபட்டு வந்துவிடும்.

தேன்மொழி
இதற்கு ஏன் புதுப் பட்டை? சட்டை காலரில் கழுத்தோடு ஒட்டி நிற்கிற ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு, மேலே மடிகிற துண்டை மட்டும் பிரித்து எடுத்து, ஸ்டாண்டின் மேல் வாயை மூடித் தைத்தால் போதும். நான் என் வீட்டுக்காரர் சட்டைக்கு அப்படித்தான் செய்தேன், ஒரு மணி நேர வேலை.

விடிவெள்ளி
காலரை ஸ்டாண்டோடு சேர்த்து, கழுத்துத் தையலை ஒட்டியே கத்தரியால் வெட்டிவிட்டேன், அதனால் தேன்மொழி அக்கா சொல்வது இனி முடியாது. வெட்டிய ஓரத்தை அளந்தேன், பட்டியின் ஓரத்திலிருந்து மறு பட்டியின் ஓரம் வரை 16 இஞ்ச். பட்டையும் தைத்து முடித்தபின் 16 வரும்படி வெட்டினேன், இரண்டு அடுக்கு, நேர்த்துணி. தையலுக்கு அரை இஞ்ச் பிடிக்கிறேன். பட்டி ஒன்றேகால் இஞ்ச் அகலம். துணி கீழ் மடிப்பில் உயரம் குறைத்தபோது வந்தது, நான்கு இஞ்ச் அகலத்தில் இன்னும் இருக்கிறது.

பழைய மெஷின்
இந்த அளவுகளை முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும். கழுத்தை அளக்கும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் கத்தரியை எடுக்கிறவர்கள் இங்கே வாரம் ஒருவர் வருகிறார்கள். அடிப்படை தெரிந்தவர்களுக்கு இது கேள்வியே அல்ல. ஒரு நல்ல டெய்லரிடம் உட்கார்ந்து ஆறு மாதம் பாருங்கள், அப்புறம் காலர் பக்கம் வாருங்கள்.

நூல்கண்டு
நாளை மறுநாள் போடவேண்டிய குர்தாவுக்கு ஆறு மாதமா ஐயா? விடையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் தெரிந்தவர் வரட்டும்.

ஊசிமுனை
விடிவெள்ளி, பதற வேண்டாம், பட்டை குறைவதில் பாதி குறையே இல்லை. நீங்கள் அளந்தது வெட்டிய ஓரம். தையல் ஓடுவது அதற்குக் கீழே. கழுத்து உள்பக்கம் குழிந்த வளைவு என்பதால் கீழே இறங்க இறங்கச் சுற்றளவு கூடும். அரை இஞ்ச் உள்ளே தைத்தால் முழுக் கழுத்துக்கும் சுமார் இரண்டரை இஞ்ச் கூடிவிடும். ஆக உங்கள் தையல் கோடு 18½, பட்டை 16. பக்கத்துக்கு ஒன்றேகால் குறைவது அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது அந்த ஒன்றேகாலைப் பாருங்கள். சட்டை ஸ்டாண்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பட்டன் போடுவதால் பட்டியின் ஓரம் வரை போகும். சைனீஸ் காலரின் முனைகள் ஏறாது, முன் நடுவில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். முன் நடு என்பது பட்டியின் ஓரம் அல்ல, பட்டி மூடியிருக்கும்போது அதன் அகலத்தின் நட்டநடு. உங்கள் பட்டி ஒன்றேகால், எனவே இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து அதில் பாதி தள்ளித்தான் காலர் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றேகால் கழிந்தது. மீதி ஒன்றேகால்தான் உண்மையான குறை.

அதற்கும் வழி இருக்கிறது. அரை இஞ்சுக்குப் பதில் கால் இஞ்சில் தையுங்கள். அப்போது தையல் கோடு 17¼ தான் வரும், பட்டிக்கு ஒன்றேகால் கழித்தால் சரியாக 16. கழுத்தோரம் மிகவும் நைந்திருந்தால் மட்டும் கால் இஞ்ச் தாங்காது, அப்போது அரை இஞ்சிலேயே தைத்து, காலரை 17¼ நீளத்துக்குப் புதிதாக வெட்ட வேண்டும். துணிதான் இருக்கிறதே. முதலில் டேப்பை நிமிர்த்தி, அதன் விளிம்பு துணியில் படும்படி தையல் கோட்டின் மேல் நடத்தி அளந்து பாருங்கள். டேப்பைப் படுக்க வைத்தால் வளைவில் மடங்கித் தப்பாகக் காட்டும்.

கிராஸ்கட்
நான் சொன்ன கிராஸ் பட்டை வைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லையே.

ஊசிமுனை
கழுத்தோரத்தை உள்ளே மடித்து முடிக்கிற பைப்பிங்குக்கு கிராஸ் சரி. நிற்க வேண்டிய காலருக்குச் சரி வராது. இழுபடுகிற துணி இரண்டு முறை துவைத்ததும் மேல் விளிம்பில் அலை அலையாகத் தொங்கும். காலருக்கு வேண்டியது நீளத்தில் இழுவை அல்ல, வடிவத்தில் வளைவு.

விடிவெள்ளி, வெட்டி எடுத்த பழைய ஸ்டாண்ட் குப்பைக்குப் போகவில்லை என்றால் அதை மேஜையில் பரப்பிப் பாருங்கள். நேராக இருக்காது, இரண்டு முனையும் மேல்நோக்கி முக்கால் இஞ்ச் போல எழும்பியிருக்கும். கழுத்து மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டு போவதால் காலரின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடக் குறைவாக இருந்தால்தான் ஒட்டி நிற்கும். நேர்ப்பட்டை தைத்தால் தைக்கும்போது ஒன்றும் தெரியாது, போட்டுக்கொண்டு தலையைத் திருப்பும்போதுதான் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்பது தெரியும். அந்த ஸ்டாண்டின் கீழ் விளிம்பு உங்கள் பழைய கழுத்துத் தையலேதான், ஆகவே 16 வரும். அதையே அச்சாக வைத்து, மேல் காலர் ஒட்டியிருந்த கோட்டை மேல் விளிம்பாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் கால் இஞ்ச் விட்டு இரண்டு அடுக்கு வெட்டுங்கள். பின் நடுவிலும் தோள் தையல் வரும் இடத்திலும் சின்னக் குறி போடுங்கள்.

தேன்மொழி
இதைப் படித்ததும் என் சந்தேகம் ஒன்று. என் குர்தாவுக்குப் பட்டியே இல்லை, அகலமான வட்டக் கழுத்து, தலை வழியாகப் போடுவது. அதற்கும் இதே கணக்கில் காலர் வைக்கலாமா?

ஊசிமுனை
அது வேறு கதை தேன்மொழி. கழுத்து ஏற்கெனவே தோள் பக்கம் அகன்றுவிட்டதால் காலர் கழுத்தைத் தொடாமல் தோளில் உட்கார்ந்திருக்கும். வெட்டிய கழுத்தைச் சிறுக்க முடியாது, தோளில் துண்டு சேர்த்து நிரப்பித்தான் ஆக வேண்டும். தலை நுழைய முன்பக்கம் பிளவும் வேண்டும். தனி இழை போடுங்கள்.

விடிவெள்ளி
ஸ்டாண்ட் இருக்கிறது! அளந்தேன், 16 தான். காலர் நடுவில் நின்றால் பட்டியின் மேல் ஓரம் மீதி இருக்கிறதே, அது பிசிறாக நிற்குமே, அதை என்ன செய்வது?

ஊசிமுனை
காலர் தைப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். பட்டியின் மேல்தையலை மேலிருந்து இரண்டு இஞ்ச் அளவுக்குப் பிரியுங்கள். பட்டியின் உள்மடிப்பைத் திருப்பி நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து முன் நடு வரை மட்டும் மேலே கால் இஞ்சில் தையுங்கள். முன் நடுவில் தையலைத் தொடுகிற அளவுக்கு நேராக ஒரு நறுக்குப் போட்டு, மூலையைக் கத்தரித்துத் திருப்புங்கள். இப்போது பட்டியின் மேல்முனை சுத்தமாக மூடியிருக்கும், நறுக்குப் போட்ட இடத்திலிருந்து காலர் தொடங்கும். நறுக்கு ஆழம் போதாவிட்டால் காலர் முனையின் அடியில் ஒரு சுருக்கம் நிற்கும், அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, பழைய மேல் பட்டன் ஸ்டாண்டோடு போய்விட்டது. அடுத்த பட்டன் கீழே தள்ளி இருப்பதால் கழுத்து வாய் பிளந்து நிற்கும். காலர் தையலுக்கு அரை இஞ்ச் கீழே பட்டியில் ஒரு பட்டனும் காஜாவும் போடுங்கள், இல்லை உள்ளே ஒரு பிரஸ் பட்டன்.

பழைய மெஷின்
நடுவில் நிறுத்தினால் மேல் பட்டியின் முனை காலருக்கு வெளியே படி மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். நான் தைக்கும் விதம் வேறு. மேலே வரும் பக்கம் காலரைப் பட்டியின் ஓரம் வரை கொண்டுபோவேன், அடியில் வரும் பக்கம் அந்த ஓரம் வந்து மூடும் இடத்தில் நிறுத்துவேன். மூடினால் முனைகள் சரியாகத் தொடும், படி தெரியாது. காலர் நீளமும் மாறாது.

ஊசிமுனை
நீளம் மாறாது என்பது உண்மை. ஆனால் காலர் பிளவு முன் நடுவிலிருந்து பட்டியின் பாதி அகலத்துக்குத் தள்ளிப் போகும். அகலம் குறைந்த பட்டியில் தெரியாது, ஒன்றேகால் இஞ்சில் தாடைக்கு நேரே பார்த்தால் தெரியும். தவிர பின் நடுக்குறி பாதியில் நிற்காது, ஒரு பக்கம் நீளம் ஒரு பக்கம் குட்டை, வளைவையும் அப்படியே மாற்றி வரைய வேண்டும். ஸ்டாண்டை அச்சாக வைக்க முடியாது.

பழைய மெஷின்
இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் பிளவு தள்ளியிருக்கிறது என்று சொன்னதில்லை. படி தெரிகிறது என்று சொன்னவர்கள் உண்டு.

நூல்கண்டு
என்னிடம் இரண்டு விதக் குர்தாவும் இருக்கின்றன. படி உள்ளதில் பட்டி முனையைக் கூராக விடாமல் லேசாக வளைத்திருக்கிறார்கள், பார்க்க நன்றாகவே இருக்கிறது. மற்றதில் பிளவு தள்ளியிருப்பது ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

கிராஸ்கட்
கேன்வாஸ் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரண்டு அடுக்கிலும் ஒட்டினால்தான் நிற்கும்.

ஊசிமுனை
குர்தா துணி மெல்லியது என்றால் வெளி அடுக்கில் மட்டும் போதும், தையல் விடுப்பில் ஒட்டாமல். இரண்டிலும் ஒட்டினால் மேல் விளிம்பு கழுத்தில் அறுக்கும்.

விடிவெள்ளி
பட்டியை மூடி ஊக்கு குத்திப் பார்த்தேன், நடுவில் நிறுத்தினேன். இரண்டு முனையும் தொடுகின்றன, சுருக்கம் இல்லை. இடது பட்டி முனை மட்டும் தடிப்பாக இருக்கிறது. தைக்கப் போகிறேன்.

ஊசிமுனை
அந்த இடத்தில் பட்டியின் கேன்வாஸும் தையலுக்குள் மாட்டியிருக்கும். திருப்பியதைத் திரும்ப வெளியே எடுத்து, கேன்வாஸை மட்டும் தையலை ஒட்டி வெட்டிவிட்டு இஸ்திரி போடுங்கள், துணி அடுக்கில் கை வைக்க வேண்டாம். காலர் தைத்தபின் அங்கே கத்தரி நுழையாது, எனவே இப்போதே செய்துவிடுங்கள்.

தேன்மொழி
தைத்துவிட்டீர்களா விடிவெள்ளி? பட்டி முனையைக் கூராக விட்டீர்களா, வளைத்தீர்களா?