புதுப்பிப்பு: தொளதொளத்த நீச்சல் உடை

முன்பு நான் கேட்டிருந்தது: “மகளின் நீச்சல் உடை பின்பக்கம் தொளதொளத்து, வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டர்பன் கடல் உப்பா, குளத்துக் குளோரினா காரணம்?”

தையல்கார அக்கா பார்த்ததுமே சொன்னார்: “இது எலாஸ்டேன், ரப்பர் போல நீண்டு சுருங்கும் இழை. குளோரின்தான் அறுத்திருக்கிறது, இனி இறுக்கம் திரும்பாது. அடுத்தது பாலியெஸ்டரும், பிபிடி என்ற நீளும் பாலியெஸ்டர் வகையும் கலந்ததாக, எலாஸ்டேன் இல்லாததாக வாங்குங்கள்.”

மாமா உப்பைத்தான் பழித்தார். அலசாமல் காயவிட்டால் உப்புத் துகள் துணியை உரசும், அதுவரை சரி. ஆனால் கடலுக்கு மட்டும் போடும் உடை வெளுத்தாலும் இறுக்கமாகவே இருக்கிறதே! (வெளுத்தது வெயிலாலா உப்பாலா என்று அக்காவும் மாமாவும் இன்னும் வாதாடுகிறார்கள்.)

இப்போது மகள் குளத்தில் இறங்குமுன் உடையைக் குழாய்த் தண்ணீரில் நனைக்கிறாள். அப்போது அது குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். வெளியே வந்ததும் அலசி, முறுக்காமல் பிழிந்து நிழலில் போடுகிறோம். புது உடை கொஞ்சம் விறைப்பு என்று முணுமுணுக்கிறாள்.